டிக் வந்துடுச்சு... பெட்டி ஏன் பேசலை? கடை ஸ்பீக்கருக்குச் சேதி போய்ச் சேரும் வழி

எங்கள் அலுவலகத்துக்குப் பின்தெருவில் ஓர் அக்கா டிபன் கடை வைத்திருக்கிறார். தகரக் கூரை, இரண்டு பெஞ்சு, ஒரு பெரிய இட்லிக் கொப்பரை. கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில், பணம் வந்தால் சத்தமாகச் சொல்லும் அந்தச் சின்ன ஸ்பீக்கர் பெட்டி.

போன மாதம் ஒரு சனிக்கிழமை இரவு, கடையில் நல்ல கூட்டம். கல்லூரி மாணவன் ஒருவன் சாப்பிட்டு முடித்து 110 ரூபாய் அனுப்பினான். அவன் போனில் பச்சை டிக் வந்துவிட்டது. பெட்டி பேசவில்லை.

"பெட்டி சொல்லலையே தம்பி."

"அக்கா, இங்க பாருங்க, போயிடுச்சு."

"உன்னைத் தப்பா சொல்லலைப்பா. பெட்டி சொன்னாத்தான் எனக்குக் கணக்கு."

அக்கா அப்படிச் சொல்வதற்குக் காரணம் உண்டு. போன தீபாவளிச் சமயத்தில் 240 ரூபாய்க்குப் பார்சல் வாங்கிய ஒருவர், இதேபோல் ஒரு பச்சைத் திரையைக் காட்டிவிட்டுப் போனார். பணம் வரவே இல்லை. நிஜ ஆப் மாதிரியே திரை காட்டும் போலி ஆப்கள் உலவுவது அதற்குப் பிறகுதான் அவருக்குத் தெரிந்தது. அதனால்தான் மாத வாடகை கொடுத்து இந்தப் பெட்டியையே வாங்கி வைத்தார். கடைக் கணக்கு ஆப் இருக்கும் போன், மாலை நேரத்தில் வீட்டில் மகளிடம் இருக்கும். ஆக, கடையில் அக்காவுக்கு இருக்கும் ஒரே சாட்சி பெட்டிதான்.

பின்னால் வரிசை நின்றது. பையனுக்கு முகம் சிவந்துவிட்டது. "சரிக்கா, இன்னொரு தடவை போடறேன்" என்று மறுபடி 110 அனுப்பினான். அதற்கும் பெட்டி பேசவில்லை. "சரி, நீ போப்பா, நாளைக்குப் பார்த்துக்கலாம்" என்று அக்கா அனுப்பிவிட்டார். அடுத்து ஒருவர் 60 ரூபாய் அனுப்பினார். அப்போதும் மௌனம்.

ஒரு நிமிடம் கழித்து, யாருமே பணம் அனுப்பாத நேரத்தில், பெட்டி மூச்சுவிடாமல் சொன்னது: "நூற்றுப் பத்து ரூபாய் பெறப்பட்டது. நூற்றுப் பத்து ரூபாய் பெறப்பட்டது. அறுபது ரூபாய் பெறப்பட்டது."

பையன் அதற்குள் தெருமுனை தாண்டிப் போயிருந்தான். நான் கையில் தோசைத் தட்டோடு இதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பணம் நொடியில் போகிறது என்கிறார்களே, சேதி மட்டும் ஏன் மூன்று நிமிடம் கழித்து வருகிறது? இப்படிப்பட்ட பெட்டிகளுக்கு மென்பொருள் எழுதும் நண்பர் ஒருவரிடம் உட்கார்ந்து கேட்டேன். அவர் சொன்ன முதல் விஷயமே நான் நினைத்திருந்ததைக் கலைத்துப் போட்டது.

பெட்டி யார் போனையும் கேட்பதில்லை

வாடிக்கையாளரின் போனிலிருந்து பெட்டிக்கு ஏதோ சிக்னல் போகிறது என்றுதான் பலர் நினைக்கிறோம். போனைப் பெட்டிக்குப் பக்கத்தில் கொண்டுபோய்க் காட்டுகிறவர்களைக்கூட நான் பார்த்திருக்கிறேன். இன்னும் சிலர், கடைக்காரரின் போனோடு பெட்டி ப்ளூடூத்தில் சேர்ந்திருக்கிறது என்று நினைக்கிறார்கள். இரண்டும் இல்லை. அக்காவின் போன் வீட்டில் இருக்கும்போதும் பெட்டி பேசுகிறதே!

பெட்டியைத் திறந்தால் உள்ளே இருப்பது, திரை இல்லாத ஒரு சின்ன போன்தான். ஒரு சிம் கார்டு, டவரோடு பேசும் மோடம், ஒரு சிறிய சிப், கொஞ்சம் நினைவகம், பேட்டரி, ஸ்பீக்கர். 2019-ல் பேடிஎம் இதை ‘சவுண்ட்பாக்ஸ்’ என்ற பெயரில் கொண்டுவந்தது. பிறகு பாரத்பே, போன்பே, கூகுள் பே என்று மற்றவர்களும் தங்கள் பெட்டிகளைக் கொண்டுவந்தார்கள். வைஃபை உள்ள பெட்டிகளும் உண்டு. ஆனால் நம் தெருக்கடைகளில் பெரும்பாலும் சிம் பெட்டிகள்தான்.

எனவே வாடிக்கையாளர் போனில் 5ஜி பறந்தாலும் பெட்டிக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. பெட்டிக்கு அதன் சொந்த சிம், சொந்த சிக்னல்.

ஒட்டியிருக்கும் க்யூஆர் கோடுக்கும் பெட்டிக்கும்கூட நேரடித் தொடர்பு கிடையாது. க்யூஆர் கோடு என்பது முகவரி எழுதிய ஒரு தாள், அவ்வளவுதான். அதை ஸ்கேன் செய்தால் போன் படிப்பது கிட்டத்தட்ட இப்படி ஒரு வரி:

```
upi://pay?pa=kadai@bank&pn=Tiffin%20Kadai&cu=INR
```

இதில் `pa` என்பதற்குப் பின்னால் இருப்பதுதான் கடையின் யு.பி.ஐ முகவரி. `pn` என்பது திரையில் தெரியும் பெயர். பெட்டியைப் பற்றி இதில் ஒரு எழுத்தும் இல்லை. "இந்த முகவரிக்குப் பணம் வந்தால், இந்த எண்ணுள்ள பெட்டியில் சொல்" என்ற குறிப்பு, க்யூஆர் கொடுத்த நிறுவனத்தின் சர்வரில் இருக்கிறது. பெட்டியைப் பொருத்த வருகிற பையன் போனில் எதையோ ஸ்கேன் செய்து பதிகிறானே, அந்த நேரத்தில் நடப்பது அந்த இணைப்புதான்.

பணம் போகும் வழி

பையன் பின் நம்பரை அழுத்தியதும் அவனுடைய ஆப் கோரிக்கையை, தனக்குப் பின்னால் இருக்கும் வங்கி வழியாக, என்.பி.சி.ஐ-யின் மைய அமைப்புக்கு அனுப்புகிறது. என்.பி.சி.ஐ என்பது 2016-ல் யு.பி.ஐ-யைத் தொடங்கி இன்றும் நடத்துகிற தேசியப் பணப்பட்டுவாடாக் கழகம். அது பையனின் வங்கியிடம் "110 ரூபாயை எடு" என்கிறது. வங்கி பின் நம்பரைச் சரிபார்த்து, இருப்பைப் பார்த்து, எடுத்துவிட்டேன் என்கிறது. உடனே அக்காவின் வங்கியிடம் "110 ரூபாயைச் சேர்" என்கிறது. அந்த வங்கியும் சேர்த்துவிட்டேன் என்று சொன்னதும் இரண்டு பக்கத்துக்கும் பதில் போகிறது. பையன் பக்கம் போன பதில்தான் பச்சை டிக். எல்லாம் ஒழுங்காக நடந்தால் சில நொடிகளில் முடிந்துவிடும்.

பணத்தின் பயணம் இதோடு முடிந்தது. பெட்டியின் கதை இங்கேதான் தொடங்குகிறது.

கடையின் பக்கம் வந்த பதிலைப் பார்த்ததும், க்யூஆர் கொடுத்த நிறுவனத்தின் சர்வர், இந்த முகவரிக்கு எந்தப் பெட்டி என்று தேடுகிறது. தொகை, மொழி, பரிவர்த்தனை எண் ஆகியவற்றைக் கொண்ட ஒரு சின்னச் சேதியைத் தயாரித்து, மொபைல் நெட்வொர்க் வழியாகப் பெட்டிக்கு அனுப்புகிறது. குறுஞ்செய்தி அளவுக்குத்தான் இருக்கும். பெட்டி அதைப் படித்துக் குரலாக மாற்றுகிறது.

பணத்துக்கு ஒரு பாதை, சேதிக்கு அதற்குப் பிறகு இன்னொரு பாதை. அன்று இரவு பணத்தின் பாதையில் ஒரு சிக்கலும் இல்லை. பையனின் இரண்டு 110-ம் அந்தந்த நொடியிலேயே அக்காவின் கணக்கில் சேர்ந்திருந்தன. மகளின் போனில் இருந்த பட்டியலை அன்று இரவே பார்த்தோம். முதலாவது 7.42, இரண்டாவது 7.43 என்று இருந்தது. பெட்டி சொன்னதோ 7.45-க்கு.

குரல் பற்றி ஒரு சின்ன விஷயம், எனக்குப் பிடித்திருந்ததால் சொல்லிவிடுகிறேன். பல பெட்டிகளில் வாக்கியம் முழுதாகப் பதிவு செய்யப்பட்டிருக்காது. துண்டுகளாக இருக்கும், பெட்டி அவற்றை ஒட்டிப் பேசும். தமிழில் இந்த ஒட்டு வேலை கொஞ்சம் தொல்லை. ‘நூறு’ என்ற ஒரே துண்டை வைத்துக்கொண்டு ‘நூறு பத்து’ என்று சொன்னால் யார் ஒப்புக்கொள்வார்கள்? 100 வந்தால் ‘நூறு’, 110 வந்தால் ‘நூற்று’. 900 வந்தால் ‘தொள்ளாயிரம்’, 950 வந்தால் ‘தொள்ளாயிரத்து’. ஆகவே நூறுகளுக்கும் ஆயிரங்களுக்கும் இரண்டிரண்டு வடிவம் வேண்டும். இருபத்தொன்று, முப்பத்தைந்து என்று எண்கள் புணர்ந்து போவதால் 1 முதல் 99 வரை தனித்தனியாகப் பதிவு செய்வதே எளிது. சில பெட்டிகள் நடுவில் விக்கி விக்கிப் பேசுவது இந்த ஒட்டுப்போட்ட இடங்களில்தான்.

"லைன்ல இருக்கீங்களா?"

இப்போது அந்த மூன்று நிமிடத்துக்கு வருவோம்.

பெட்டி ஒவ்வொரு முறையும் சர்வருக்குப் போன் போட்டு "பணம் வந்ததா, பணம் வந்ததா" என்று கேட்டுக்கொண்டிருப்பதில்லை. அப்படிக் கேட்டால் பேட்டரியும் டேட்டாவும் தாங்காது. காலையில் பெட்டியை ஆன் செய்ததும் அது சர்வரோடு ஓர் இணைப்பைத் திறக்கிறது. அந்த இணைப்பை நாள் முழுக்கத் திறந்தே வைத்திருக்கிறது. சேதி இருந்தால் சர்வர் அதன் வழியே தள்ளிவிடும். இல்லையென்றால் இருபக்கமும் சும்மா இருக்கும்.

இதற்குப் பரவலாகப் பயன்படும் முறைக்கு எம்.க்யூ.டி.டி என்று பெயர். பணத்துக்கும் இதற்கும் ஆரம்பத்தில் ஒரு சம்பந்தமும் இல்லை. 1999-ல் ஐ.பி.எம்-ஐச் சேர்ந்த ஆண்டி ஸ்டான்ஃபோர்ட் கிளார்க்கும் ஆர்லன் நிப்பரும், ஆளில்லாத இடங்களில் ஓடும் எண்ணெய்க் குழாய்களைச் செயற்கைக்கோள் வழியாகக் கண்காணிப்பதற்காக எழுதியது. செயற்கைக்கோள் இணைப்பு விலை அதிகம், அடிக்கடி அறுந்தும் போகும். ஆகவே குறைந்த டேட்டாவில், அறுந்தாலும் மறுபடி ஒட்டிக்கொள்ளும்படி செய்தார்கள். டிபன் கடைப் பெட்டிக்கும் அதே தேவைதான்.

சிக்கல் என்னவென்றால், மொபைல் நெட்வொர்க்கில் ஓர் இணைப்பு அறுந்தால் அது சத்தம் போட்டு அறுவதில்லை. நீங்கள் போனில் யாரிடமோ நீளமாகப் பேசிக்கொண்டிருப்பீர்கள். எதிர்முனையில் லைன் எப்போதோ கட்டாகியிருக்கும். "ஹலோ, லைன்ல இருக்கீங்களா?" என்று கேட்டுப் பதில் வராதபோதுதான் அது தெரியும். பெட்டிக்கும் சர்வருக்கும் நடுவில் இதேதான் நடக்கிறது. இணைப்பு செத்துப்போயிருக்கும். ஆனால் இரண்டு பக்கமும் அது உயிரோடு இருப்பதாகவே நினைத்துக்கொண்டிருக்கும்.

அதனால் பெட்டி குறிப்பிட்ட இடைவெளியில் ஒரு சின்ன "இருக்கீங்களா" அனுப்புகிறது. சர்வர் "இருக்கேன்" என்று பதில் சொல்ல வேண்டும். அந்த இடைவெளி எவ்வளவு என்பதைப் பெட்டியைச் செய்கிறவர் முடிவு செய்கிறார். சர்வர் பக்கத்துக்கும் ஒரு விதி உண்டு. அந்த இடைவெளியைப்போல் ஒன்றரை மடங்கு நேரம் பெட்டியிடமிருந்து ஒன்றும் வராவிட்டால், இணைப்பு போய்விட்டது என்று எடுத்துக்கொள்ள வேண்டும். இது எம்.க்யூ.டி.டி-யிலேயே எழுதப்பட்டிருக்கும் விதி.

நண்பர் ஒரு தாளை எடுத்து அன்றைய இரவைக் கணக்குப் போட்டுக் காட்டினார். பெட்டியின் உள்பதிவு கையில் இல்லாததால் இது ஓர் ஊகக் கணக்குதான் என்றும் சொன்னார். இடைவெளி இரண்டு நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். 7.40 மணிக்குக் கேட்ட "இருக்கீங்களா"வுக்குப் பதில் வந்தது. 7.41-க்கு இணைப்பு அறுந்தது. பெட்டிக்குத் தெரியாது. 7.42 தொடக்கத்தில் பெட்டி மறுபடி கேட்கிறது, பதில் இல்லை. கொஞ்சம் பொறுத்துப் பார்க்கிறது. அந்த நேரத்தில்தான் பையன் முதல் 110-ஐ அனுப்புகிறான். சர்வர் சேதியைச் செத்த இணைப்பில் தள்ளுகிறது. போய்ச் சேர்ந்ததாகப் பெட்டியிடமிருந்து ஒப்புகை வரவில்லை. சேதியை வைத்துக்கொள்கிறது.

7.43 வாக்கில் பெட்டி கைவிட்டு, புதிதாக இணைய முயல்கிறது. சனிக்கிழமை இரவு, தெரு முழுக்கக் கூட்டம், டவரில் நெரிசல். முதல் முயற்சி தோற்கிறது. பெட்டி உடனே மறுபடி முயலாது. கொஞ்ச நேரம் காத்திருக்கும், அதுவும் தோற்றால் அதைவிட அதிக நேரம் காத்திருக்கும். ஒரு ஏரியாவில் இருக்கும் எல்லாப் பெட்டிகளும் ஒரே நேரத்தில் விடாமல் கதவைத் தட்டினால் நெரிசல் இன்னும் மோசமாகும் என்பதால் வேண்டுமென்றே அப்படிச் செய்திருப்பார்கள். மூன்றாவது முயற்சியில், 7.45-க்கு, இணைப்பு கிடைக்கிறது. சர்வர் தன்னிடம் தேங்கியிருந்த மூன்று சேதிகளையும் வரிசையாகக் கொட்டுகிறது.

தேங்கிய சேதியை என்ன செய்வது என்பது எளிய கேள்வி இல்லை. அறிவிக்காமல் விட்டால் கடைக்காரர் பணம் வரவில்லை என்று நினைப்பார். தாமதமாக அறிவித்தால் வேறொரு ஆபத்து. பழைய 60 ரூபாய்ச் சேதி வரும் நொடியில், இன்னும் பணமே அனுப்பாத ஒருவர் 60 ரூபாய் பில்லோடு நின்றுகொண்டிருக்கலாம். அவர் பணம் வந்ததாகக் கடைக்காரர் எடுத்துக்கொள்வார். ஆகவே ஒரு சேதிக்கு இவ்வளவு நேரம்தான் ஆயுள், அதைத் தாண்டினால் சொல்லவேண்டாம் என்று வைக்கவும் வழி உண்டு. அப்படி வைத்த பெட்டியில் அந்தப் பணம் கணக்கில் இருக்கும், ஆனால் பெட்டி அதைப்பற்றி எப்போதுமே பேசாது.

பணமே நடுவில் நின்றால்?

அக்காவின் கடையில் நடந்தது சேதியின் தாமதம். பணமே தாமதமாவது வேறு கதை. வெளியே பார்த்தால் இரண்டும் ஒரே மௌனம்தான்.

பையனின் வங்கி பணத்தை எடுத்துவிட்டது. ஆனால் கடையின் வங்கி, சேர்த்தேன் என்றோ சேர்க்கவில்லை என்றோ சொல்லாமல் திணறுகிறது. எவ்வளவு நேரம் காத்திருப்பது? 2025 ஜூன் வரை இதற்கு 30 நொடி கெடு. அதை என்.பி.சி.ஐ 15 நொடியாகக் குறைத்தது. அதற்குள் தெளிவான பதில் இல்லையென்றால் பரிவர்த்தனை தொங்கலில் நிற்கும். வாடிக்கையாளரின் ஆப்பில் பச்சை டிக்குக்குப் பதில், மஞ்சள் நிறத்தில் ‘பெண்டிங்’ அல்லது ‘பிராசஸிங்’ என்று காட்டும். அவசரத்தில் நாம் "பணம் கட் ஆகிடுச்சு" என்று எஸ்.எம்.எஸ்-ஐக் காட்டிவிட்டுக் கிளம்பப் பார்ப்போம். கட் ஆனது உண்மைதான், கடைக்குச் சேர்ந்ததா என்பது அந்த எஸ்.எம்.எஸ்-ல் இருக்காது.

இப்படி நிற்கும் பணத்துக்கு ரிசர்வ் வங்கியின் 2019-ம் ஆண்டு விதி ஒன்று உண்டு. கடைக்கான பரிவர்த்தனையில் பணம் எடுக்கப்பட்டு, கடைப் பக்கம் உறுதி வரவில்லையென்றால், பரிவர்த்தனை நாளிலிருந்து ஐந்து நாளுக்குள் தானாகவே திரும்ப வந்துவிட வேண்டும். அதைத் தாண்டினால் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு. வங்கியிடம் கேட்கும்போது பரிவர்த்தனை விவரத்தில் இருக்கும் 12 இலக்க யு.டி.ஆர் எண்ணைச் சொன்னால் போதும். எந்தக் கட்டத்தில் நின்றது என்று அவர்கள் அதை வைத்துத்தான் தேடுவார்கள்.

சில நாட்களில் கோளாறு இந்த இரண்டு வங்கிகளையும் தாண்டி நடுவிலேயே இருக்கும். 2025 ஏப்ரல் 12, சனிக்கிழமை, நாடு முழுக்க யு.பி.ஐ தடுமாறியது நினைவிருக்கலாம். சில வங்கிகளின் பக்கமிருந்து "அந்தப் பரிவர்த்தனை என்ன ஆச்சு" என்ற விசாரிப்புகள் அளவுக்கு மீறிக் குவிந்து, மைய அமைப்பையே திணறடித்தன என்று என்.பி.சி.ஐ பிறகு சொன்னது. கல்லாவில் நின்று நாம் கேட்கும் "வந்துச்சா, வந்துச்சா"வை இயந்திரங்களும் கேட்டதால் வந்த வினை!

எந்த மௌனம் எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? கடையின் ஆப்பில் உள்ள வரவுப் பட்டியல்தான் பதில். அது சேதி வழியைச் சாராமல், சர்வரில் உள்ள கணக்கை நேராகப் படிக்கிறது. பட்டியலில் தொகை இருக்கிறது, பெட்டி மட்டும் பேசவில்லையென்றால் கோளாறு பெட்டிப் பக்கம். பட்டியலிலும் இல்லை, வாடிக்கையாளர் திரையில் மஞ்சள் என்றால் பணம் நடுவழியில் நிற்கிறது. அப்போது உடனே இரண்டாம் முறை அனுப்பச் சொல்வதுதான் பெரிய தப்பு. முதல் பணமும் பிறகு வந்து சேர்ந்துவிடலாம்.

திரையில் பச்சை, பட்டியலிலோ ஒன்றுமே இல்லை என்றால்? அப்போதுதான் கொஞ்சம் கவனம் வேண்டும். போலித் திரையாக இருக்கலாம். அல்லது, நிஜமாகவே பணம் போயிருக்கும், ஆனால் வேறு முகவரிக்கு. "க்யூஆர் தெரியலைக்கா, உங்க நம்பருக்கே போட்டுடறேன்" என்று சிலர் போன் நம்பருக்கு அனுப்புவார்கள். அது அக்காவின் சொந்தக் கணக்குக்குப் போகும். பெட்டி இணைந்திருப்பது கடை முகவரியோடு, ஆகவே பேசாது. இன்னொன்று மோசமானது. க்யூஆர் தாள்மேல் வேறொருவர் தன் க்யூஆரை ஒட்டிவிட்டுப் போகிற திருட்டு. அங்கே வாடிக்கையாளர் உண்மையாகவே பணம் கொடுத்திருப்பார், பணம் திருடனுக்குப் போயிருக்கும். எல்லாருடைய பணத்துக்கும் பெட்டி மௌனமாக இருந்தால் முதலில் தாளை விரலால் தடவிப் பாருங்கள். பிறகு நீங்களே ஒரு ரூபாய் அனுப்பி, திரையில் யார் பெயர் வருகிறது என்று பாருங்கள். இந்த வகைத் திருட்டைக் கடைக்காரருக்கு அன்றைக்கே காட்டிக்கொடுப்பது பெட்டியின் மௌனம்தான்.

சார்ஜ் இறங்கியது, சத்தத்தை யாரோ குறைத்தது, வாடகை பாக்கியால் நிறுவனம் சேவையை நிறுத்தியது என்று சாதாரணக் காரணங்களும் உண்டு. அவற்றைப் பெட்டியே பெரும்பாலும் விளக்கு மூலமோ குரல் மூலமோ சொல்லிவிடும்.

கொப்பரைக்குப் பின்னால்

நண்பரைக் கூட்டிக்கொண்டு ஒருநாள் கடைக்கே போனேன். இரண்டு இட்லி சாப்பிட்டபடியே பெட்டி இருந்த இடத்தைப் பார்த்துச் சிரித்தார். மேலே தகரம், பின்னால் ஸ்டீல் தடுப்பு, முன்னால் இட்லிக் கொப்பரை. மூன்று பக்கமும் உலோகம். டவர் சிக்னலுக்கு உலோகம் சுவர் மாதிரி. பகலில் நெரிசல் இல்லாதபோது சமாளித்துக்கொண்ட பெட்டி, கூட்ட நேரத்தில் மூச்சுத் திணறியிருக்கிறது. அதே பெட்டியை வாசல் பக்கத்து மரப் பலகைக்கு மாற்றினோம். அணைத்துப் போட்டதும், பழைய இடத்தில் வெகுநேரம் எடுத்துக்கொண்ட இணைப்பு, உடனே கிடைத்துவிட்டதாகப் பெட்டி அறிவித்தது.

"அணைச்சுப் போட்டா சரியாகும்னு பொண்ணு சொல்லுவா. நான் நம்பலை" என்றார் அக்கா. மகள் சொன்னது சரிதான். அணைத்துப் போட்டால் பெட்டி செத்த இணைப்புக்காகக் காத்திருக்காமல் உடனே புதிதாக ஒன்றைத் திறக்கும். கூட்ட நேரத்தில் இரண்டு மூன்று பேருக்குத் தொடர்ந்து பேசவில்லையென்றால் இதைச் செய்யலாம். கடைசியாக வந்த தொகையைத் திரும்பச் சொல்லும் பட்டனும் பல பெட்டிகளில் இருக்கிறது. அக்காவின் பெட்டியிலும் இருந்தது. ஒரு வருடமாக அதை அவர் அழுத்தியதே இல்லை.

கூட்ட நேரத்தில் போனைக் கடைக்கே கொண்டுவருவது என்றும் முடிவாகியிருக்கிறது. மகள்தான் கொஞ்சம் முணுமுணுத்தாள்.

அந்தப் பையன் நாலு நாள் கழித்து வந்தான். இரண்டு தடவை பணம் போன விஷயம் அவனுக்குத் தெரிந்திருந்தது, கேட்கத்தான் கூச்சம். கல்லாப்பெட்டி மூடியில் அக்கா சாக்பீஸால் ‘காலேஜ் தம்பி 110’ என்று எழுதி வைத்திருந்தார். ரொக்கமாக எடுத்து நீட்டினார். அவன் வாங்கவில்லை.

"கழிச்சுக்கோங்கக்கா. ரெண்டு பரோட்டா, ஒரு ஆஃப்பாயில்."

அக்கா மூடியைத் துடைத்துவிட்டு மீதியை எழுதினார்.